முடிவில்லாமல் கலைந்த கூட்டம்: இரண்டாவது கூட்டத்துக்கு அழைப்பு எழுதுவது எப்படி?

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். சங்கச் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்த முதல் மாதமே லிஃப்ட் பற்றி ஒரு கூட்டம். ஞாயிறு மாலை மொட்டை மாடியில் ஒன்றரை மணி நேரம் பேசி, "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்று கலைந்தோம். இரண்டாவது கூட்டம் 25 நிமிடத்தில் முடிந்தது. நடுவில் செய்ததைச் சொல்கிறேன்.

1. அன்றிரவே, எங்கே சிக்கியது என்று எழுதுங்கள்

யார் என்ன சொன்னார்கள் என்பது வேண்டாம். அதை எழுதினால் சண்டைதான் தொடரும். எங்கள் கூட்டம் மூன்று இடங்களில் சிக்கியது: பழுது பார்ப்பதா, பாகங்களை மாற்றுவதா? பணம் எங்கிருந்து? தரைத்தளத்து நான்கு வீடுகளும் பங்கு தர வேண்டுமா?

அதிகச் சத்தம் மூன்றாவதுக்குத்தான். ஆனால் பழுது பார்த்தாலே போதும் என்றால் சங்கக் கையிருப்பே போதும், யாரிடமும் தனியாகப் பங்கு கேட்க வேண்டாம். ஆகவே முதல் கேள்வி முடிந்தால் மற்ற இரண்டும் தானாகக் கரையலாம். சத்தமான கேள்வியை விட்டுவிட்டு, மற்றவற்றுக்கு முன்னால் நிற்கும் கேள்வியைத் தேடுங்கள்.

2. அன்று ஏன் முடியவில்லை என்று பாருங்கள்

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கொட்டேஷன்: பாகங்களை மாற்ற 9.6 லட்சம். பழுது பார்க்க எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இந்த நிலையில் மறுபடி கூடினால் அதே பேச்சுதான். அதனால் மறுநாள் காலையில் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி மட்டும் போட்டேன்: "நேற்று முடிவு எதுவும் எடுக்கவில்லை. பழுது பார்க்கும் செலவை எழுத்தில் வாங்கிவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் அடுத்த கூட்டத்தின் தேதியைச் சொல்கிறேன்." இதைச் சொல்லாமல் விட்டால், மாற்றுவதாக முடிவாகிவிட்டது என்று யாராவது கிளப்பிவிடுவார்கள்.

புதன்கிழமை கொட்டேஷன் வந்தது: 1.9 லட்சம்.

3. கேள்வியை எழுதுங்கள்

அதிக நேரம் இதற்குத்தான் போனது. முதலில் "லிஃப்ட் விஷயத்தில் என்ன செய்யலாம்?" என்று எழுதினேன். அது இன்னொரு ஒன்றரை மணி நேரத்துக்கு அழைப்பு. அடுத்து, "லிஃப்டை மாற்றிவிடலாம்தானே?" பதிலை உள்ளே வைத்துக் கேட்டால் மாற்றுக் கருத்து உள்ளவர் வரவே மாட்டார். கடைசியில் நின்றது இது: "ரூ.1.9 லட்சத்தில் பழுது பார்ப்பதா, ரூ.9.6 லட்சத்தில் பாகங்களை மாற்றுவதா?" கை தூக்கிப் பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் திரும்ப எழுதுங்கள்.

4. அனுப்பும் முன் இரண்டு பேருக்குப் போன்

கூட்டத்தில் அதிகம் மறுத்தவர்களாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். மூன்றாம் மாடிப் பெரியவரிடம், "சார், இந்தக் கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லிவிடுவீர்களா, இன்னும் ஏதாவது தெரிய வேண்டுமா?" என்று கேட்டேன். "பழைய மோட்டாருக்கு உதிரிபாகம் இன்னும் எத்தனை வருஷம் கிடைக்கும் தம்பி?" என்றார். எனக்குத் தோன்றவே இல்லை. லிஃப்ட் கம்பெனியிடம் கேட்டு, மூன்று வருடத்துக்குத் தருவதாக எழுதி வாங்கினேன்.

5. அழைப்பு

> வணக்கம். லிஃப்ட் பற்றி இரண்டாவது கூட்டம். ஒரே கேள்வி: ரூ.1.9 லட்சத்தில் பழுது பார்ப்பதா, ரூ.9.6 லட்சத்தில் பாகங்களை மாற்றுவதா?
> இரண்டு கொட்டேஷனும், உதிரிபாகம் பற்றிய கடிதமும் இணைப்பில் உள்ளன. வரும் முன் படித்துவிடுங்கள்.
> ஞாயிறு காலை 10 மணி அல்லது புதன் இரவு 8 மணி. எது வசதி என்று வெள்ளி இரவுக்குள் சொல்லுங்கள். அதிகம் பேர் சொல்லும் நேரத்தில் கூட்டம்.
> நேரம் 30 நிமிடம். பங்குத்தொகை பற்றி அன்று பேசவில்லை.

"எல்லாருக்கும் எப்போது வசதி?" என்று மட்டும் கேட்காதீர்கள். பத்துப் பேர் பத்து நாள் சொல்வார்கள், பாதிப் பேர் கட்டைவிரலைக் காட்டுவார்கள். முடிவு செல்லுபடியாக எத்தனை பேர் வர வேண்டும் என்பதையும் உங்கள் சங்க விதிகளில் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

அழைப்புக்குக் கீழேயே விவாதம் தொடங்கும். எனக்கும் தொடங்கியது. "கூட்டத்தில் முதலில் உங்களைப் பேசச் சொல்கிறேன் சார்" என்று ஒரே ஒரு பதில் போட்டுவிட்டு விலகிவிட்டேன்.

ஞாயிறு 19 வீட்டார் வந்தார்கள். பழுது பார்க்க 13 கை, மாற்ற 6. முடிவை ஒரே வாக்கியமாகப் பதிவேட்டில் எழுதி, நாற்காலிகளை எடுக்கும் முன்பே கையெழுத்து வாங்கிவிட்டேன்.