அடுத்தடுத்துப் பூச்சியம் வராத இருமச் சரங்கள்: மூடிய வடிவம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

0, 1 ஆகிய இரண்டு இலக்கங்களால் ஆன n நீளச் சரங்களில், இரண்டு பூச்சியங்கள் அடுத்தடுத்து வராதவற்றின் எண்ணிக்கையை a(n) என்போம். இதற்கு ஒரு மீள்வரு தொடர்பை அமைத்து, அதைத் தீர்த்து, n-இன் மதிப்பை இட்டவுடன் விடை தரும் மூடிய வடிவத்தைப் பெற வேண்டும். தீர்க்கும் வேலை பழகிய வழியிலேயே செல்லும். விடை கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்பே, தொடர்பை அமைக்கும் இடத்தில்தான்.

மிகவும் ஏமாற்றும் தவறு இப்படி வருகிறது. n−1 நீளமுள்ள தகுதியான சரம் ஒவ்வொன்றின் வலப்புறமும் 0 அல்லது 1 சேர்த்தால் 2a(n−1) சரங்கள் கிடைக்கும். அவற்றுள் 00 என முடிபவற்றைக் கழிக்க வேண்டும். இதுவரை சரியே. கழிக்க வேண்டியவை, n−1 நீளத்தில் ஏற்கெனவே 0-இல் முடிந்திருந்த சரங்கள். அந்த 0-ஐ நீக்கினால் n−2 நீளம் மிஞ்சுவதால், அவை a(n−2) என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த 0-க்கு முன்னால் இருப்பது கட்டாயம் 1 ஆகவே இருக்க வேண்டும் என்பதால், நம் விருப்பப்படி அமையக்கூடிய பகுதி n−3 நீளம் மட்டுமே. எனவே சரியான தொடர்பு a(n) = 2a(n−1) − a(n−3) என்பதாகும்.

தவறான a(n) = 2a(n−1) − a(n−2) என்பதை a(1) = 2, a(2) = 3 என்ற சரியான தொடக்க மதிப்புகளோடு தீர்த்தால் a(n) = n + 1 என்ற அழகான விடை வருகிறது; அழகாக இருப்பதாலேயே யாரும் சந்தேகிப்பதில்லை. n = 1, n = 2 இரண்டிலும் அது பொருந்துகிறதே என்றால், அந்த இரண்டையும் நாமே உள்ளே இட்டோம்; அவை பொருந்தாமல் போக வழியே இல்லை. சோதனை n = 3-இலிருந்துதான் தொடங்க வேண்டும். கையால் எழுதினால் 111, 110, 101, 011, 010 என ஐந்து சரங்கள் வருகின்றன. சூத்திரமோ நான்கு என்கிறது. n = 4-க்கும் எழுதிப் பார்த்து எட்டு வருகிறதா என உறுதி செய்துகொள்வது நல்லது.

கழித்தல் வழியைவிடக் கடைசி இலக்கத்தைக் கொண்டு பிரிப்பது பாதுகாப்பானது. 1-இல் முடிபவை a(n−1). 0-இல் முடிபவை உண்மையில் 10-இல் முடிபவை, ஆகவே a(n−2). இரண்டையும் கூட்ட, a(n) = a(n−1) + a(n−2). முந்தைய மூன்றாம் வரிசைத் தொடர்பும் இதுவும் முரண்படுவதில்லை; அதன் சிறப்பியல்புச் சமன்பாடு x³ − 2x² + 1 = 0 என்பது (x − 1)(x² − x − 1) = 0 எனப் பிரிகிறது. கூடுதலாக வந்த 1 என்ற மூலத்தின் கெழு, தொடக்க மதிப்புகள் சரியாக இருந்தால் பூச்சியமாகிவிடும். வெற்றுச் சரத்தை மறந்து a(0) = 0 என வைத்தால் அக்கெழு மறையாது, a(3) ஆறாகிவிடும். எந்த இலக்கமும் இல்லாத சரம் ஒன்று இருக்கிறது, அது விதியை மீறுவதுமில்லை; ஆகவே a(0) = 1.

தொடர்பைக் கண்டவுடன் ‘இது ஃபிபனாச்சி’ என்று F(n)-இன் சூத்திரத்தை அப்படியே எழுதுவது அடுத்த தவறு. F(1) = F(2) = 1 எனக் கொண்டால் a(n) = F(n+2). இந்த இரண்டு இட நகர்வுக்குக் காரணம் உண்டு: சரத்தின் முன்னால் ஒரு 1 சேர்த்தால், முழுச் சரமும் 1, 10 என்ற துண்டுகளாக ஒரே வகையில் பிரியும், அதாவது n+1 என்பதை ஒன்றும் இரண்டுமாகக் கூட்டி எழுதும் வழிகளை எண்ணுகிறோம். ஹேமச்சந்திரர் 12ஆம் நூற்றாண்டில் குறில், நெடில் அசைகளை மாத்திரைக்கேற்ப அடுக்கும் யாப்பு வகைகளை எண்ணியதும் இதே கணக்குதான்.

நினைவை நம்பாமல் கெழுக்களைக் கணக்கிடுவதும் எளிதே. φ = (1+√5)/2, ψ = (1−√5)/2, a(n) = Aφⁿ + Bψⁿ எனில், A + B = 1, Aφ + Bψ = 2. இவற்றிலிருந்து A = φ²/√5, B = −ψ²/√5 ஆகியவை கிடைக்கின்றன. ஆகவே

a(n) = (φⁿ⁺² − ψⁿ⁺²)/√5

ψ உள்ள உறுப்பு சிறியதென்று அதை விட்டுவிட்டுச் சமக்குறி இடக் கூடாது. a(10)-க்கு அப்படிச் செய்தால் 144-க்குப் பதில் ஏறத்தாழ 144.0014 வரும். அந்த உறுப்பின் அளவு எப்போதும் அரைக்கும் குறைவு என்பதால், φⁿ⁺²/√5-க்கு மிக அருகிலுள்ள முழு எண் என்று சொன்னால் அது முழுக்கச் சரி. கணினியில் மட்டும் இதற்கு எல்லை உண்டு: வழக்கமான இரட்டைத் துல்லிய மிதவைப் புள்ளி எண்கள் 2⁵³ வரையிலான முழு எண்களை மட்டுமே விடுபடாமல் தாங்கும், a(77) அதைத் தாண்டிவிடுகிறது, √5-ஐச் சுருக்கி வைத்த பிழை அதற்கு முன்பே தலைகாட்டலாம். அத்தகைய n-களுக்கு முழு எண்களைக் கொண்டு மீள்வரு தொடர்பையே ஓட்டுவது சரி.