மாத்திரையும் மதுவும்: எது வெறும் பயம், எது உயிருக்கு ஆபத்து?

வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் வாங்கினால், “இதோட குடிச்சிராதீங்க” என்று மருந்துக் கடைக்காரர் மறக்காமல் சொல்லிவிடுவார். அதே ஆள் தூக்கம் வரவில்லை என்று ஒரு அல்பிரசோலம் போட்டுக்கொண்டு அதன் மேல் ஒரு குவாட்டர் அடித்தால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. “விடு, நல்லா தூங்கட்டும்” என்பார்கள். இரண்டில் ஆளையே கொல்லக்கூடியது தூக்க மாத்திரைதான். உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவை வைத்து இதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன்.

படி 1: அட்டையைத் திருப்புங்கள்

முன்பக்கம் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை விட்டுவிடுங்கள். பொடி எழுத்தில் “ஒவ்வொரு மாத்திரையிலும் இருப்பது” என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும், அதுதான் வேண்டும். பெயரின் வால்பகுதியே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். “சோலம்”, “செபம்” என்று முடிந்தால் (அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம்) அது பதற்றத்துக்கோ, தூக்கத்துக்கோ, வலிப்புக்கோ கொடுப்பது. “நிடசோல்” என்று முடிந்தால் மெட்ரோனிடசோல் குடும்பம். கடையில் நாலு மாத்திரை மட்டும் வெட்டிக் கொடுத்ததில் பெயர் போயிருந்தால், கடையிலேயே பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: உடம்பில் மது எத்தனை மணி நேரம் இருக்கும்?

ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, ரம் பாட்டில்களில் பொதுவாக 42.8 சதவீதம் என்று இருக்கும். அப்படியானால் உள்ளே போகும் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். ஆகவே இரவு பத்து மணிக்கு ஒரு குவாட்டரை முடித்தவரின் ரத்தம் சுத்தமாக விடியற்காலை நாலிலிருந்து ஏழு மணி ஆகலாம். “குடிச்சு ரெண்டு மணி நேரம் ஆச்சே, இப்ப மாத்திரை போடலாம்” என்ற கணக்கு இங்கே எடுபடாது.

படி 3: தூக்க மாத்திரை இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்

மூளையின் வேகத்தைத் தணிக்கும் ஒரு பிரேக் அமைப்பு நமக்குள் இருக்கிறது. சோலம், செபம் வகை மாத்திரைகள் அந்த பிரேக்கை அழுத்துகின்றன. மதுவும் அதையேதான் அழுத்துகிறது. அல்பிரசோலத்தை மட்டும் கொஞ்சம் அதிகம் விழுங்கியவர் பெரும்பாலும் நீண்ட நேரம் தூங்கி எழுந்துவிடுவார். கூடவே மதுவும் சேர்ந்தால் மூச்சு விடச் சொல்லும் மூளைப் பகுதியும் மந்தமாகிவிடும். வாந்தி வந்தால் புரண்டு துப்பும் அனிச்சையும் போய்விடும். சாவு பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில்தான் வருகிறது: மூச்சு நின்று போவது, அல்லது வாந்தி மூச்சுக்குழாயில் இறங்குவது.

“நேத்து ராத்திரி போட்டதுதானே” என்பதும் சரிப்படாது. குளோனசெபம் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 40 மணி நேரம் பிடிக்கும். அதற்காகக் குடிப்பதற்கென்று மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. பல மாதம் எடுத்தவர் திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம். இப்படிப்பட்டவருக்கு விட வேண்டியது மதுவைத்தான். தினமும் நிறையக் குடிப்பவர் அதையும் மருத்துவரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும், ஏனென்றால் அங்கேயும் வலிப்பு காத்திருக்கிறது.

இதே வரிசையில் தூக்கத்துக்குத் தரும் சோல்பிடெம், வலிக்குத் தரும் ட்ரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, நரம்பு வலிக்குத் தரும் பிரீகாபலின் எல்லாம் வரும். சளி மாத்திரையில் இருக்கும் குளோர்ஃபெனிரமின் இவற்றை விடச் சாது. ஆனாலும் மதுவோடு சேர்ந்தால் வண்டி ஓட்டக் கூடாத அளவுக்கு மயக்கம் தரும்.

படி 4: மெட்ரோனிடசோல், அதன் நிஜமான அண்ணன்

மெட்ரோனிடசோலோடு குடித்தால் முகம் சிவந்து, படபடத்து, வாந்தி எடுக்கும் என்பது பல பத்தாண்டுகளாகச் சொல்லப்படுவது. 2002-இல் பின்லாந்தில் ஆரோக்கியமான ஆண்கள் சிலருக்கு மாத்திரையையும் மதுவையும் கொடுத்துப் பார்த்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வெளியிட்ட பால்வினை நோய் வழிகாட்டுதலில், இதற்காக மதுவைத் தவிர்க்கத் தேவையில்லை என்றே எழுதியிருக்கிறது. ஆனால் மருந்தோடு வரும் தாளில் இன்னும் தடை இருக்கிறது. மாத்திரை முடிந்து 2 அல்லது 3 நாள் வரை என்பார்கள். என் கருத்து: அந்தச் சில நாள் குடிக்காமல் இருங்கள், வயிற்றுப்போக்கில் மது எப்படியும் வேண்டாத வேலை. ஆனால் தெரியாமல் ஒரு பீர் குடித்துவிட்டால் உயிர் போய்விடுமோ என்று நடுங்க வேண்டாம்.

அந்த எதிர்வினையை நிஜமாகவே கிளப்பும் மருந்து டைசல்ஃபிரம், குடியை விட வைக்கக் கொடுப்பது. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் பிடி விடாது. ரத்த அழுத்தம் சரிந்து, இதயத் துடிப்பு தாறுமாறாகி, ஆள் சாகலாம். எடுப்பவர் தெரிந்து, ஒப்புக்கொண்டு எடுத்தால் மட்டுமே இது மருந்து. குழம்பில் கலந்து அவருக்குத் தெரியாமல் கொடுப்பது நல்லெண்ணத்தில் செய்தாலும் விஷம் வைப்பதற்குச் சமம். “அவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்” என்று சொல்லி விற்கும் எந்தப் பொடியையும் வாங்காதீர்கள்.

படி 5: பாராசிட்டமாலைக் கூட்டிப் பாருங்கள்

எப்போதோ ஒருநாள் குடிப்பவர் மறுநாள் தலைவலிக்கு ஒரு மாத்திரை போடுவதில் பெரிய ஆபத்து இல்லை. தினமும் குடிப்பவர், அதுவும் சரியாகச் சாப்பிடாதவர், வேறு கதை. பாராசிட்டமால் கரையும்போது சிறிதளவு நச்சுப்பொருள் உண்டாகும். கல்லீரல் அதைத் தன்னிடம் உள்ள குளூட்டதையோன் என்ற பொருளைக் கொண்டு முறியடிக்கும். தினசரி மது அந்த நச்சைக் கூட்டுகிறது, பட்டினி குளூட்டதையோனைக் குறைக்கிறது.

ஒரு கணக்கு. தினம் குடிக்கும் ஒருவருக்குக் காய்ச்சல், இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. 650 மில்லிகிராம் மாத்திரை நான்கு வேளை போடுகிறார்: 2,600. மூக்கடைப்புக்கு சளி மாத்திரை மூன்று வேளை. அதன் பின்பக்கம் பார்த்தால் அதிலும் பாராசிட்டமால் 500 இருக்கிறது: 1,500. மொத்தம் 4,100 மில்லிகிராம். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000. இவரைப் போன்றவருக்கு 2,000-க்கு மேல் வேண்டாம் என்பதே வழக்கமான அறிவுரை, அதாவது 650 மாத்திரை மூன்று, வேறு எதுவும் கூடாது. முதல் நாள் வெறும் குமட்டல்தான் இருக்கும், அதுதான் ஏமாற்றும். வலது விலாவுக்குக் கீழே வலியும் கண்ணில் மஞ்சளும் தெரியும்போது இரண்டு மூன்று நாள் போயிருக்கும். அசிட்டில்சிஸ்டைன் என்ற நச்சு முறிக்கும் மருந்து முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். எனவே கணக்கு தப்பியது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இடையில் இன்னும் இரண்டு. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் மதுவோடு சேர்ந்தால் இரைப்பையில் ரத்தம் கசியலாம். கிளிமெபிரைட் எடுக்கும் சர்க்கரை நோயாளி வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை சரிந்து தள்ளாடுவார், பார்ப்பவர்கள் போதை என்று நினைத்துவிடுவார்கள்.

படி 6: ஏற்கெனவே சேர்ந்துவிட்டால்

பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டுத் தோளை உலுக்குங்கள். கண் திறக்கவில்லை என்றால், நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவாக இருந்தால், இடையிடையே பத்து நொடி மூச்சு நின்றால், உதடோ நகமோ நீலம் பாய்ந்தால், கொரகொரவென்று குறட்டை வந்தால், உடனே 108. அதுவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை எண்ணுங்கள். மூச்சே இல்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். எப்படி என்று 108-இல் இருப்பவரிடமே கேளுங்கள். மோர், எலுமிச்சை, காபி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். காலி அட்டைகளையும் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு ஆம்புலன்ஸிலேயே கொடுத்துவிடுங்கள். எந்த மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு என்பதுதான் அங்கே கேட்கும் முதல் கேள்வி.