செர்ட்ராலின் தொடங்கிய முதல் இரு வாரங்கள்: என் அனுபவம்

பதற்ற நோய்க்காக இரவு 9 மணிக்கு 50 மி.கி. செர்ட்ராலின் எடுக்கத் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து, நள்ளிரவு தாண்டியதும் விழிப்பு வந்து, உள்ளுக்குள் ஒரு நடுக்கமும் கால்களை அசைக்காமல் இருக்க முடியாத தவிப்பும் ஏற்பட்டன. நோய்தான் முற்றிவிட்டது என்று எண்ணி காபியை நிறுத்தினேன்; பயனில்லை. யாரையும் கேட்காமல் இரண்டு நாள் மாத்திரையையும் விட்டேன். மீண்டும் தொடங்கியதும் அதே தொல்லை.

பிறகு நேரங்களைக் குறித்து வைத்தபோதுதான், மாத்திரை விழுங்கிய ஐந்தாறு மணி நேரத்தில் தவிப்பு உச்சமடைவது தெரிந்தது. அந்தத் தாளைப் பார்த்த மருத்துவர், இரத்தத்தில் மருந்தின் அளவு உச்சம் தொடுவதும் ஏறத்தாழ அந்நேரத்தில்தான் என்றும், மனநிலையில் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம், ஆனால் இப்படபடப்பு முதல் நாட்களிலேயே வந்து பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தணியும் என்றும் விளக்கினார். அளவை 25 மி.கி. ஆகக் குறைத்து, காலைக்கு மாற்றினார். ஐந்தாம் இரவு தடையின்றித் தூங்கினேன். அதன்பின் அளவு மெல்ல உயர்த்தப்பட்டது.

அவர் முதலில் கேட்டவை வேறு: தற்கொலை எண்ணம் வருகிறதா, தூக்கம் குறைந்தும் களைப்பின்றி அளவுமீறிய உற்சாகம் இருக்கிறதா, குடும்பத்தில் இருமுனை நோய் உண்டா, உட்காரவே முடியவில்லையா. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் உடனே தெரிவிக்க வேண்டுமாம்.