டீமேக்கராக இருந்தவர் உதவி டீமேக்கர் வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

2021-ல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள் அல்லவா, அதற்கு அடுத்த வருடம் எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு வரும் கொழுந்து பாதியாகிவிட்டது. கொழுந்தை வாட்டும் ட்ரஃப் காலியாகக் கிடந்தது. கடைசியில் மூடிவிட்டார்கள். தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஒரு தொழிற்சாலைக்கு ஒருவர்தான், இருப்பவர் போனால்தான் இடம். பதினொரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு உதவி டீமேக்கர் வேலைக்கு எழுதத் தொடங்கினேன். மூன்று இடத்தில் கையை விரித்தார்கள். நாலாவது இடத்தில் கிடைத்தது. இடையில் நான் மாற்றிக்கொண்டது இதுதான்.

1. பழைய பதவியை மறைக்காதீர்கள்

சீவியில் 'டீமேக்கர்' என்று இருந்தால் பயந்துவிடுவார்கள் என்று நினைத்து, 'தொழிற்சாலை உத்தியோகத்தர்' என்று மட்டும் போட்டிருந்தேன். ஹட்டன் பக்கம் ஒரு நேர்முகத் தேர்வில் அந்தத் தோட்டத்து மேனேஜர் கேட்டார்: "தம்பி, நீங்க அங்க டீமேக்கரா இருந்தவர்தானே? இதுல ஏன் போடல? ஸ்டாக்ல ஏதும் குறைஞ்சதா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. மலையகத்தில் இந்தத் தொழிலில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள், ஒரு போன் போதும். டீமேக்கர் திடீரென்று வேலையை விட்டால் முதல் சந்தேகம் தேயிலை இருப்பில்தான் விழும். பதவியை ஒளித்ததால் நானே அந்தச் சந்தேகத்துக்கு வழி விட்டேன்.

இப்போது பதவியும் தேதிகளும் அப்படியே இருக்கின்றன. பக்கத்திலேயே ஒரு வரி: 'கொழுந்து குறைவால் தொழிற்சாலை மூடப்பட்டது.' சேவைச் சான்றிதழிலும் அதே காரணம் இருக்க வேண்டும். என்னுடையதில் காரணமே இல்லை. திரும்பப் போய் எழுதி வாங்கினேன், மூன்று வாரம் அலைந்தேன்.

2. பதவியை அப்படியே விடுங்கள், வேலை வரிகளை மாற்றுங்கள்

முன்பு 'தொழிற்சாலையின் முழு நிர்வாகம், ஏல விலை உயர்வு' என்று எழுதியிருந்தேன். உதவி டீமேக்கரைத் தேடுகிறவருக்கு அது தேவையில்லை. இரவு ஷிப்டில் தான் தூங்கும்போது வாட்டத்தைப் பார்க்க ஓர் ஆள்தான் அவருக்கு வேண்டும். ஆகவே இப்படி மாற்றினேன்: 'இரவு ஷிப்டில் வாட்டம் பார்த்து ரோலிங் தொடங்கும் நேரத்தை முடிவு செய்தல். டிரையர் வெப்பம் பதிவு செய்தல். அவுட்டர்ன் கணக்கு.'

எழுதினால் கேட்பார்கள். என்னிடம் கேட்டது: "வாட்டம் சரின்னு எப்படிச் சொல்லுவீங்க?" கொழுந்தை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து விட்டால் உருண்டையாக நின்று மெல்ல விரிய வேண்டும், காம்பு மடிய வேண்டும், ஒடியக்கூடாது என்றேன். அதன்பிறகு பழைய பதவியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

(சீவிக்கு வண்ண டெம்ப்ளேட் வேண்டாம். வெள்ளைத்தாளில் இரண்டு பக்கம். கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.)

3. கடிதத்தின் முதல் பத்தி

நான் எழுதியது: 'எட்டு வருடம் டீமேக்கராக இருந்தேன். தொழிற்சாலை மூடப்பட்டதால் உதவி டீமேக்கர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். அந்தப் பதவிக்குரிய சம்பளத்துக்கும் இரவு ஷிப்டுக்கும் சம்மதம்.' 'எந்த வேலையானாலும் செய்வேன்' என்று எழுதாதீர்கள். அது கெஞ்சுவதாகத்தான் படும்.

4. "பெரிய வேலை கிடைச்சா போயிருவீங்களே?"

கட்டாயம் கேட்பார்கள். "போகமாட்டேன் சார்" என்றால் நம்பமாட்டார்கள். "இரண்டு வருடம் இருப்பேன், பிள்ளைக்கு இங்கேதான் பள்ளிக்கூடம். டீமேக்கர் இடம் காலியானால் முதலில் உங்களிடம்தான் கேட்பேன்" என்றேன். உங்களுக்கு உண்மையான காரணம் எதுவோ அதைச் சொல்லுங்கள்.

சம்பளத்தில் பழைய தொகையை நீங்களாக முதலில் சொல்லாதீர்கள். 'இந்தப் பதவிக்கு என்ன ஸ்கேல்?' என்று கேளுங்கள். குவாட்டர்ஸ் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வாடகை மிச்சமானால் குறைந்த சம்பளம் அவ்வளவு உறைக்காது.

பின்சேர்க்கை: தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் வெளியே போகவில்லை, அதே கம்பனியில் ஒரு படி கீழே இறங்கச் சொல்கிறார்களாம். அண்ணே, கையெழுத்து வைக்கும் முன் பணிக்கொடையைப் பாருங்கள். ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்குச் சட்டப்படி ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்கும், ஆனால் கணக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தில்தான் போடப்படும். பன்னிரண்டு வருடச் சேவை என்றால் ஆறு மாதச் சம்பளம். 90,000 வாங்கும்போது விலகினால் 5,40,000. 65,000-க்கு இறங்கிய பிறகு விலகினால் 3,90,000. பழைய வருடங்களும் சேர்ந்தே குறைந்துவிடும். இறங்கத்தான் வேண்டுமென்றால், இதுவரைக்குமான பணிக்கொடையைப் பழைய சம்பளத்தில் தருவதாக எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.