கப்பல் ஜெனரல் அவரேஜ் அறிவித்துவிட்டதா? காப்புறுதிக்காரருக்கு எழுதும் முறை

கப்பலுக்கு ஆபத்து வரும்போது, கப்பலையும் சரக்கையும் காக்க வேண்டுமென்றே செய்த செலவையும் இழப்பையும் கப்பல்காரரும் சரக்குக்காரரும் பெறுமதிப்படி பங்கிட வேண்டும். அதுதான் ஜெனரல் அவரேஜ். உங்கள் சாமானுக்கு ஒரு கீறலும் விழாவிட்டாலும் பங்கு உண்டு. சுன்னாகத்திலிருந்து ரொறன்ரோவுக்கு மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் அனுப்பும் எங்களுக்கு அந்த அறிவித்தல் வந்தபோது செய்தவை இவை.

படி 1: கப்பல் முகவரின் கடிதம் வந்த அன்றே காப்புறுதிக் கொம்பனிக்கு மின்னஞ்சல் போடுங்கள். "சேதம் இல்லையே, ஏன் அறிவிக்க வேணும்?" என்று காத்திருக்காதீர்கள். தொலைபேசியில் சொன்னால் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் கடிதத்தின் சாரம்:

"பொலிசி இலக்கம் …, கப்பல் …, பில் ஒஃப் லேடிங் இலக்கம் …, கொள்கலன் இலக்கம் …. கப்பல் உரிமையாளர் … அன்று ஜெனரல் அவரேஜ் அறிவித்துள்ளார். கணக்கிடும் அஜஸ்டர் …. கேட்கப்பட்ட பிணை சரக்குப் பெறுமதியின் … வீதம். பொலிசியின் கீழ் உத்தரவாதக் கடிதம் வழங்குமாறு கேட்கிறோம். இன்வொய்ஸ், பொதிப் பட்டியல் இணைப்பில்."

படி 2: இரண்டு தாள்களைக் குழப்பாதீர்கள். பங்கைக் கட்டுவேன் என்று எழுதித் தரும் அவரேஜ் போண்டில் கையொப்பமிடுவது சரக்கின் உரிமையாளர், வழக்கமாகச் சரக்கைப் பெறுபவர். அந்தப் பங்குக்குப் பொறுப்பேற்கும் உத்தரவாதக் கடிதம் தருவது காப்புறுதிக்காரர். காப்புறுதியும் கப்பல் கட்டணமும் அடங்கிய சிஃப் விலையில் விற்றிருந்தால் பொலிசியைக் கனடாக்காரரின் பெயருக்கு மாற்றியிருப்பீர்கள். போண்டும் அவருடைய வேலைதான். இரண்டும் போய்ச் சேராமல் பெட்டியை விடமாட்டார்கள். காப்புறுதியே இல்லாவிட்டால் காசாகக் கட்ட வேண்டும். 2018இல் அரபிக்கடலில் தீப்பிடித்த மேர்ஸ்க் ஹொனம் கப்பலுக்கு, கப்பலை மீட்டவர்களின் கூலிக்கான மீட்புப் பிணை 42.5 வீதமும் அவரேஜ் 11.5 வீதமுமாகச் சரக்குப் பெறுமதியின் பாதிக்கு மேல் கேட்டார்கள்.

படி 3: காப்புறுதித் தொகையைப் பாருங்கள். நான் அதிக நேரம் செலவிட்டது இதில்தான். சரக்கு 20,000 டொலர், பங்கு 10 வீதம் என்று வையுங்கள்: 2,000 டொலர். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 15,000க்கு மட்டும் காப்புறுதி எடுத்திருந்தால், கொம்பனி முக்கால் பங்கு, 1,500 தரும். மீதி 500 உங்கள் தலையில். உத்தரவாதக் கடிதம் தருமுன் அந்த மீதிக்கு உங்களிடம் எதிர்ப்பிணையும் கேட்கலாம். சிஃப் பெறுமதியோடு 10 வீதம் கூட்டி எடுப்பதுதான் என் வழக்கம். மலிவான சி வகைப் பொலிசியிலும் ஜெனரல் அவரேஜ் அடங்கும், ஆகவே வகையைவிடத் தொகை முக்கியம்.

காசாகக் கட்டினால் வைப்புப் பற்றுச்சீட்டின் மூலப் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். இறுதிக் கணக்கு வர வருடங்கள் ஆகலாம், மிச்சம் அதற்குத்தான் திரும்பும்.

பின்சேர்க்கை: நெல்லியடியிலிருந்து ஒரு வாசகர், தன் பிணையைக் கொடுத்தும் பெட்டி வரவில்லையே என்று கேட்டிருந்தார். பலர் சாமான் சேர்ந்த பெட்டி அது. அதிலுள்ள எல்லாரும் பிணை கொடுத்தால்தான் திறப்பார்கள். யார் பாக்கி என்று சரக்கைச் சேர்த்து அனுப்பிய முகவரிடமே கேளுங்கள். கப்பல் கொம்பனிக்கு அந்தப் பெயர்கள் தெரியாமலிருக்கலாம்.