பெயராகிவிட்டால் ஆக்கம்தானா?

தேக்கா உணவங்காடியில் தேநீருக்குக் காத்திருந்தபோது, மொழியியல் படிக்கும் அக்கா மகள் பயிற்சித் தாளை நீட்டினாள். 'படிப்பு', 'படிப்பது' இரண்டையும் ஆக்கச் சொற்கள் என்று எழுதியிருந்தாள். "வினை பெயராயிடுச்சே மாமா, அப்ப ஆக்கம்தானே?"

பலரும் வழுக்குவது இங்கேதான். ஒரு சொல்லிலிருந்து புதுச் சொல் பிறந்தால் ஆக்கம். அதே சொல் வாக்கியத்துக்கு ஏற்ப வடிவம் மாறினால் திரிபு. சொல்வகை மாறினால் ஆக்கம் என்பது பெரும்பாலும் பலிக்கும். எப்போதும் பலிக்காது.

தாளின் ஓரத்தில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். 'பாடத்தை வேகமாகப் படிப்பது கஷ்டம்' சரி. 'பாடத்தை வேகமாகப் படிப்பு கஷ்டம்' என்று எழுதியதும் அவளே சிரித்துவிட்டாள். 'படிப்பது' வெளியே பெயர்போல நின்றாலும் உள்ளே இன்னும் வினைதான். 'பாடத்தை' என்ற செயப்படுபொருளையும் 'வேகமாக' என்ற வினையடையையும் ஏற்கிறது. 'படித்தது', 'படிக்காதது' என்று காலமும் எதிர்மறையும் காட்டுகிறது. 'படிப்பு' இவற்றில் ஒன்றையும் செய்யாது. 'நல்ல படிப்பு' என்று பெயரடைதான் கேட்கும்.

அப்புறம் வேறு வினைகளைப் போட்டுப் பார்த்தோம். ஓடுவது, தூங்குவது, வளர்வது என்று ஒரே அச்சில் வருகின்றன. 'படிப்பு' போன்றவையோ ஓட்டம், தூக்கம், வளர்ச்சி என்று ஆளுக்கொரு வழியில் போகின்றன. எந்த வினைக்கு எது என்று தனித்தனியாகக் கற்கவேண்டியிருப்பது ஆக்கத்தின் அடையாளம். 'படிப்பது' திரிபின் பக்கம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் இதையே தலைகீழாக்கி, 'எல்லாவற்றோடும் ஒட்டினால் திரிபு' என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. '-காரர்' டாக்சியோடும் ஒட்டுகிறது, பாலோடும் ஒட்டுகிறது. டாக்சிக்காரர் ஓட்டுகிறார், பால்காரர் விற்கிறார், வீட்டுக்காரர் சில வாயில் வீட்டுச் சொந்தக்காரர், சில வாயில் கணவர். பொருள் இப்படி அலைந்தால் ஆக்கம்தான். இன்னொன்று, '-காரர்' வந்தே தீரவேண்டும் என்று எந்த வாக்கியமும் கட்டாயப்படுத்தாது. 'நேற்று நான்' என்று தொடங்கினால் 'வந்தேன்' என்றுதான் முடிக்கவேண்டும். இறந்தகாலமும் '-ஏன்' விகுதியும் வாக்கியம் கேட்டு வாங்குபவை. அவை திரிபு.

விகுதியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்வதும் ஆபத்து. 'தேர்ந்தெடுத்தல்', 'தேர்தல்' இரண்டிலும் '-தல்' இருக்கிறது. 'வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தல்' என்று எழுதலாம், வினை உயிரோடிருக்கிறது. 'வேட்பாளரைத் தேர்தல்' என்று இன்று யாரும் எழுதமாட்டார்கள். அது வாக்குச்சாவடி, வரிசை, முடிவு எல்லாம் சேர்ந்த நிகழ்ச்சியின் பெயராகத் தனியே பிரிந்துவிட்டது. 'பொதுத்தேர்தல்கள்' என்று பன்மைகூட ஏற்கிறது. 'தேர்ந்தெடுத்தல்கள்' என்றால் நாக்கு தயங்கும்.

அவள் 'படிப்பது' மேல் மட்டும் கோடு போட்டுவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டாள்.