ஆறாயிரம் யூரோவும் 1,350 ரூபாய் லாபமும்

கோத்தகிரியை அடுத்த ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலைக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். பனிக்காலக் கொழுந்தில் செய்த ஆர்தடாக்ஸ் தேயிலை 500 கிலோவை, பிப்ரவரி 10-ஆம் தேதி இன்வாய்ஸ் போட்டு ஜெர்மனியிலுள்ள வாடிக்கையாளர் ஒருவருக்குக் கொச்சி வழியாக அனுப்பினார்கள். கிலோ 12 யூரோ, மொத்தம் 6,000 யூரோ, 90 நாள் கடன். பணம் மே 14-ஆம் தேதி வந்தது. வங்கிக் கணக்கில் சேர்ந்தது 5,43,750 ரூபாய்.

இன்வாய்ஸ் தேதியில் கணக்கில் ஏற்றியிருந்த தொகை 5,42,400 ரூபாய். அலுவலகத்தில் வரவு செலவு பதியும் பெண், கூடுதலாக வந்த 1,350 ரூபாயைச் செலாவணி லாபம் என்று எழுதிவிட்டு, “அக்கா, பாக்கி நேராகிவிட்டது” என்றார். பாக்கி நேராகியிருந்தது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரிப் பதிவுக்குள் மூன்று தவறுகள் இருந்தன. ஏற்றுமதியில் புதிதாக இறங்கும் மலைப்பகுதிச் சிறு தொழிற்சாலைகள் பலவற்றில் இதே தவறுகளைப் பார்த்துவிட்டதால், இந்த ஒரு இன்வாய்ஸை முழுவதுமாகப் பிரித்துக் காட்டுகிறேன். கீழே வரும் விகிதங்களைக் கணக்கு எளிதாகப் புரியும்படி நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் தவறு, வந்த ரூபாயையும் எழுதிய ரூபாயையும் நேரடியாகக் கழித்துப் பார்ப்பது. வாடிக்கையாளர் நமக்குத் தர வேண்டியது யூரோ. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை யூரோ வந்தது என்பதே. வங்கி தந்த வரவு அறிவிப்பை எடுத்துப் பார்த்தோம். வந்தது 5,975 யூரோ. அன்றைக்கு வங்கி கொடுத்த விகிதம் 91.20. அப்படியென்றால் 5,44,920 ரூபாய் கிடைத்திருக்க வேண்டும். அதிலிருந்து வங்கி தன் கட்டணமாக 500 ரூபாயும், அதற்கு ஜிஎஸ்டி 90 ரூபாயும், நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டி 580 ரூபாயும் எடுத்திருந்தது. ஆக 1,170 ரூபாய் போக 5,43,750 ரூபாய் வந்திருக்கிறது.

அந்த 580 ரூபாய் எப்படி வந்தது என்று பலரும் கேட்பதுண்டு. நாணயத்தை மாற்றித் தருவதையும் ஒரு சேவையாகவே ஜிஎஸ்டி பார்க்கிறது. வங்கிகள் வழக்கமாகப் பின்பற்றும் முறையில், ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் ரூபாய் வரையிலான மாற்றத்துக்கு, 1,000 ரூபாயும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் அரை சதவீதமும் சேர்ந்ததே அந்தச் சேவையின் மதிப்பு. நம் கணக்கில் அது ஏறத்தாழ 3,225 ரூபாய். அதற்கு 18 சதவீதம் வரி 580 ரூபாய். இந்த 580-ம் கட்டணத்துக்கான 90-ம் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளக் கூடியவை. செலாவணி லாபத்துக்குள் கரைத்துவிட்டால் அந்த 670 ரூபாயை நாமே விட்டுக்கொடுத்ததாகிவிடும். ஓர் இன்வாய்ஸுக்கு இது சிறு தொகைதான். வருடத்துக்கு முப்பது இன்வாய்ஸ் போடுகிறவர்கள் பெருக்கிப் பார்க்கட்டும்.

இரண்டாவது தவறு, காணாமல்போன 25 யூரோவை அப்படியே விட்டுவிடுவது. ஜெர்மனியிலிருந்து புறப்படும் பணம் நேராகக் கோத்தகிரிக்கு வருவதில்லை. நடுவில் ஒரு வங்கியோ இரண்டு வங்கிகளோ கைமாற்றிவிடுகின்றன. ஒவ்வொன்றும் தன் கூலியைப் பிடித்துக்கொள்ளலாம். அனுப்புகிறவர் தன் வங்கியில் SHA என்று தேர்ந்தெடுத்தால் வழியில் பிடிக்கும் கட்டணம் நம் தலையில் விழும். OUR என்று தேர்ந்தெடுத்தால் அவர் ஏற்றுக்கொள்கிறார் என்று பொருள். நம் இன்வாய்ஸில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே அவரைக் குறை சொல்ல இடமில்லை.

வாடிக்கையாளரே 25 யூரோவைக் குறைத்து அனுப்பினாரா, வழியில் பிடித்தார்களா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஸ்விஃப்ட் செய்தியின் நகலை வங்கியிடம் கேட்டு வாங்கலாம். அவர் அனுப்பச் சொன்ன தொகையும் நம் வங்கிக்கு வந்து சேர்ந்த தொகையும் அதில் தனித்தனியாக இருக்கும். நாங்கள் பார்த்தபோது அனுப்பச் சொன்னது 6,000 என்றே இருந்தது. அதனால் 25 யூரோவை அன்றைய 91.20 விகிதத்தில் 2,280 ரூபாய் என்று வங்கிக் கட்டணத்தில் எழுதினோம். வாடிக்கையாளரின் பாக்கி முழுதாகத் தீர்ந்தது.

கணக்குப் புத்தகத்தில் எழுதியதோடு இது முடிந்துவிடாது. ஒவ்வொரு ஷிப்பிங் பில்லுக்கும் உரிய அந்நியச் செலாவணி வந்துவிட்டதா என்பதை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் EDPMS அமைப்பில் கண்காணிக்கின்றன. நம் ஷிப்பிங் பில் 6,000 யூரோ. வந்தது 5,975. மீதியை வெளிநாட்டு வங்கிக் கட்டணமாக எடுத்துக்கொள்ளும்படி நாம் எழுதிக் கொடுக்காவிட்டால் அந்த ஷிப்பிங் பில் 25 யூரோ பாக்கியோடு திறந்தே கிடக்கக்கூடும். ஒன்றிரண்டு வருடம் கழித்து, ஆள் மாறி, கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாத நேரத்தில் வங்கியிலிருந்து விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும். பணம் வந்த வாரமே ஒரு பக்கக் கடிதமும் ஸ்விஃப்ட் நகலும் கொடுத்துவிடுவது எவ்வளவோ மேல்.

மூன்றாவது தவறுதான் பெரியது. நடுவில் மார்ச் 31 வந்து போனதை அந்தப் பதிவு கவனிக்கவே இல்லை. வரவேண்டிய பாக்கி வெளிநாட்டு நாணயத்தில் இருந்தால், ஆண்டு முடிவில் அன்றைய விகிதத்தில் அதை மறுமதிப்பிட வேண்டும் என்கிறது ஏஎஸ் 11 என்ற கணக்கியல் தரநிலை. பணம் கைக்கு வந்ததா இல்லையா என்பது இதில் பொருட்டல்ல. இன்வாய்ஸ் அன்று விகிதம் 90.40. மார்ச் 31 அன்று 92.10. ஆகவே பாக்கி 5,52,600 ரூபாயாக உயர்கிறது. 10,200 ரூபாய் போன நிதியாண்டின் லாபம். மே மாதம் விகிதம் 91.20-க்கு இறங்கியதால், 6,000 யூரோவுக்கு 5,400 ரூபாய் இந்த நிதியாண்டின் நஷ்டம். இரண்டையும் சேர்த்தால் நிகர லாபம் 4,800 ரூபாய்.

இப்போது சரிபார்க்கலாம். 5,52,600 ரூபாய் பாக்கியிலிருந்து செலாவணி நஷ்டம் 5,400, வழியில் பிடித்த 2,280, நம் வங்கி எடுத்த 1,170 ஆகியவற்றைக் கழித்தால் 5,43,750. வங்கியில் இருப்பதும் அதுவே. 1,350 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது தெரிகிறது. 4,800 லாபத்திலிருந்து 3,450 ரூபாய் பிடித்தத்தைக் கழித்த மிச்சம் அது. இரண்டு ஆண்டுகளுக்கு உரிய லாப நஷ்டமும் மூன்று விதமான பிடித்தமும் ஒரே எண்ணுக்குள் புதைந்திருந்தன.

டாலி பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இன்வாய்ஸை யூரோவிலேயே பதிந்து, மார்ச் 31-க்கான விகிதத்தையும் கொடுத்திருந்தால், ஆண்டிறுதியில் இருப்புநிலைக் குறிப்பில் `Unadjusted Forex Gain/Loss` என்ற வரி தானாகவே தோன்றும். அது தோன்றினால் மட்டும் போதாது; ஜர்னல் பதிவு போட்டு லாப நஷ்டக் கணக்குக்கு மாற்ற வேண்டும். இன்வாய்ஸை ரூபாயில் பதிந்திருந்தால் அந்த வரி தோன்றவே தோன்றாது. நாங்கள் சிக்கியது அங்கேதான். பணம் வந்ததைப் பதியும்போதும் `On Account` என்று விடாமல் `Agst Ref` கொடுத்து அதே இன்வாய்ஸோடு இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் தீர்ந்த இன்வாய்ஸைத் தீராததாக நினைத்து மென்பொருள் ஒவ்வோர் ஆண்டும் மறுமதிப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

மறுமதிப்பீட்டில் ஒரு விதிவிலக்கு உண்டு. வாடிக்கையாளர் முன்பணம் அனுப்பி, சரக்கு இன்னும் போகாமல் இருந்தால், அந்த முன்பணத்தை மார்ச் 31-இல் மறுமதிப்பிடக் கூடாது. நாம் திருப்பித் தர வேண்டியது அங்கே பணம் இல்லை, தேயிலை.

நான்காவது தவறு எங்கள் பதிவில் இல்லை, வேறோர் இடத்தில் பார்த்தது: பணம் வந்த பிறகு விற்பனைத் தொகையைத் திருத்துவது. குன்னூரில் நீலகிரித் தைலம் ஏற்றுமதி செய்யும் ஒருவர், விகிதம் இறங்கிப் பணம் குறைவாக வந்ததற்குக் கிரெடிட் நோட் போட்டு, ஜிஎஸ்டி கணக்கிலும் விற்பனையைக் குறைத்துவிட்டார். இது எவ்வகையிலும் சரியல்ல. வாங்கியவர் ஒரு டாலர்கூடக் குறைத்துத் தரவில்லையே! விலை மாறினால்தான் கிரெடிட் நோட். விகிதம் மாறினால் செலாவணி லாபமோ நஷ்டமோ மட்டுமே. விற்பனை முதல்நாள் எழுதிய தொகையிலேயே நிற்கும்.

இதோடு ஒட்டி இன்னொரு குழப்பம் வருவதுண்டு. சரக்கு ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி மதிப்பைச் சுங்கத்துறைக்கென அறிவிக்கப்படும் விகிதத்தில்தான் கணக்கிட வேண்டும். ஜிஎஸ்டி விதி 34 அப்படிச் சொல்கிறது. எங்கள் இன்வாய்ஸுக்கு அந்த விகிதம் 89.50. ஆகவே ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் 5,37,000 ரூபாய், கணக்குப் புத்தகத்தில் 5,42,400 ரூபாய். இரண்டும் சரியே. 5,400 ரூபாய் வித்தியாசத்துக்கு ஓர் ஒப்பீட்டுத் தாள் எழுதிக் கோப்பில் வைத்தால் போதும். இரண்டையும் எப்படியாவது ஒன்றாக்கிவிட வேண்டும் என்று பதிவுகளைத் திருத்தத் தொடங்கும்போதுதான் உண்மையான சிக்கல் பிறக்கிறது.

கணக்குப் பதிவில் தெரியாத ஓர் இழப்பையும் சொல்லிவிடுகிறேன். பணம் வந்த அன்று எஃப்பிஐஎல் என்ற நிறுவனம் சந்தை நிலவரத்தை வைத்து வெளியிட்ட யூரோ குறிப்பு விகிதம் 91.60 என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி கொடுத்தது 91.20. நாற்பது பைசாதான், ஆனால் 5,975 யூரோவுக்கு 2,390 ரூபாய். வழியில் பிடித்த 25 யூரோவைவிட அதிகம். இது எந்த ரசீதிலும் கட்டணம் என்று வராது. பணம் வந்த தகவல் கிடைத்ததும், மாற்றுவதற்கு முன்பே கிளையை அழைத்து விகிதம் கேட்க வேண்டும். எஃப்பிஐஎல் விகிதத்தைச் சொல்லி, அதற்கும் வங்கி விகிதத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும்படி கேட்கவும் வேண்டும். தொழிற்சாலை முதலாளி முதலில் தயங்கினார். “வங்கியில் போய் பேரம் பேசுவதா, அம்மா?” என்றார். கொழுந்து விலையில் கிலோவுக்கு ஐம்பது பைசாவுக்காக அரை மணி நேரம் பேசுகிற ஊர் இது. அடுத்த முறை அவரே கிளைக்குத் தொலைபேசியில் பேசினார். பதினெட்டு பைசா கூடுதலாகக் கிடைத்தது.

அடுத்த இன்வாய்ஸில் இரண்டு வரிகளைச் சேர்த்தோம். தொகை யூரோவில் மட்டுமே செலுத்தத்தக்கது, ரூபாய் மதிப்பு ஜிஎஸ்டிக்காக மட்டும் காட்டப்பட்டுள்ளது என்பது ஒன்று. எல்லா வங்கிக் கட்டணமும் அனுப்புகிறவருடையது, `OUR` என்று தேர்ந்தெடுக்கவும் என்பது மற்றொன்று. ஜெர்மனிக்காரர் மறுப்பேதும் சொல்லவில்லை. அந்த முறை 4,200 யூரோவுக்கு 4,200 யூரோவும் வந்து சேர்ந்தது.